ஆர்டர் ரத்து, முன்பணம் திரும்பக் கேட்பது: திருத்திய கடிதம்

தேவி அக்கா,

சரக்கை நேரத்துக்கு அனுப்பாத மொத்த வியாபாரிக்கு நீங்கள் எழுதி, நேற்றிரவு எனக்கு அனுப்பிய கடிதத்தைத் திருத்திக் கீழே கொடுத்திருக்கிறேன். கோபம் நியாயம்தான். ஆனால் "இனி உங்க முகத்துல முழிக்கவே மாட்டேன், காச எடுத்து வைங்க" என்று ஆரம்பித்தால் அவர் முகத்தில் முழிப்பதைப் பற்றித்தான் பதில் எழுதுவார், காசைப் பற்றி ஒரு வரி இருக்காது. அந்தப் பத்தியை முழுசாக எடுத்துவிட்டேன்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போவேன் என்று எழுதியிருந்தீர்கள். சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவர்களுக்குத்தான் அது. கடைக்கு விற்க வாங்கிய சரக்கை அங்கே கொண்டுபோக முடியாது. இத்தனை வருடம் மொத்த வியாபாரம் பார்க்கிறவருக்கு இது தெரியாமல் இருக்குமா? ஒரு மிரட்டல் வெத்து என்று தெரிந்துவிட்டால் மீதி வரிகளையும் அப்படித்தான் படிப்பார். ஒப்பந்தச் சட்டத்தில் உங்களுக்குப் பிடிமானம் இருக்கிறது, அதை மட்டும் ஒரு வாக்கியத்தில் வைத்திருக்கிறேன்.

அப்புறம் தொகை. முன்பணம் 3,200 ரிங்கிட்டையும் முழுசாகக் கேட்டிருந்தீர்கள். 20ஆம் தேதி வந்த பெட்டியில் 26 செம்பை விற்றுவிட்டோமே அக்கா! அதை நாமே கழித்துச் சொல்லாவிட்டால், அதையே பிடித்துக்கொண்டு மற்றதையும் இழுத்தடிப்பார். பட்டர்வொர்த்தில் கூடுதல் விலைக்குப் பால்குடம் வாங்கிய கணக்கையும் சேர்த்திருக்கிறேன், இப்போது கேட்பதற்கு இல்லை, கையில் இருக்கட்டும் என்று.

பிடிஎஃப் ஆக மாற்றி இமெயிலில் அனுப்புங்கள். அதே நேரம் வாட்ஸ்அப்பில் போட ஒரு குட்டிச் செய்தியும் கடைசியில் எழுதியிருக்கிறேன். ஃபோனில் மட்டும் இதைப் பேச வேண்டாம்.

—

லெபோ பாசார், ஜார்ஜ்டவுன், பினாங்கு
26 ஜனவரி 2026

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம்.

பொருள்: 8 டிசம்பர் 2025 அன்று கொடுத்த தைப்பூச ஆர்டரை ரத்து செய்வதும், முன்பணத்தில் மீதி 2,316 ரிங்கிட்டைத் திரும்பக் கேட்பதும்

மேற்கண்ட ஆர்டரில் இதுவரை வந்து சேராத சரக்கு அனைத்தையும் இன்றைய தேதியில் ரத்து செய்கிறேன். தயவுசெய்து இனி எதையும் பினாங்குக்கு ஏற்றிவிட வேண்டாம். வந்தாலும் கடையில் இறக்கிக்கொள்ள இயலாது.

ஆர்டர் 240 எவர்சில்வர் பால்குடம், ஒன்று 22 ரிங்கிட். 80 பித்தளைச் செம்பு, ஒன்று 34 ரிங்கிட். மொத்தம் 8,000 ரிங்கிட். நீங்கள் கேட்டபடி அதில் 40 விழுக்காட்டை, அதாவது 3,200 ரிங்கிட்டை, அன்றே உங்கள் கடைக் கணக்கில் போட்டேன். பெற்றுக்கொண்டதாக நீங்கள் அனுப்பிய ரசீதும் வங்கிச் சீட்டும் இத்துடன் உள்ளன.

சரக்கு எதற்காக என்பதை ஆர்டர் கொடுத்த அன்றே சொல்லியிருந்தேன். "தைப்பூசத்துக்கு வேணும், ஜனவரி 12க்குள்ள கடைக்கு வந்தாகணும்" என்று நான் எழுதியதற்கு, "கட்டாயம்மா, அதுக்கு முன்னாடியே வரும்" என்று பதில் போட்டீர்கள். 12ஆம் தேதி வரவில்லை. பொங்கல் நேரம், லாரி கிடைக்கவில்லை என்றீர்கள். சரி என்று 19ஆம் தேதி வரை பொறுத்தேன். அதைத் தாண்டினால் எனக்குச் சரக்கு வேண்டாம் என்பதையும் அப்போதே எழுத்தில் தெரிவித்தேன். அதன் பிறகு 20ஆம் தேதி வந்தது ஒரே ஒரு பெட்டி, 30 செம்பு. பால்குடம் ஒன்றுகூட இல்லை. கடந்த சனிக்கிழமை ஃபோனில் கேட்டபோது கன்டெய்னர் இன்னும் கிள்ளான் துறைமுகத்தில் இருக்கிறது, 29ஆம் தேதி அனுப்பிவிடலாம் என்று சொன்னீர்கள்.

தைப்பூசம் பிப்ரவரி 1. முதல் நாளே ரதம் புறப்பட்டுவிடும். விரதம் இருப்பவர்கள் குடத்தைக் கடைசி நாள் வரை விட்டுவைப்பதில்லை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 29ஆம் தேதி கோலாலம்பூரில் லாரி ஏறும் குடம் எனக்கு அடுத்த வருடச் சரக்குதான்.

நாள்தான் முக்கியம் என்று இரு தரப்பும் அறிந்து செய்த ஒப்பந்தத்தில் அந்த நாளுக்குள் பொருள் வராவிட்டால், அதை ரத்து செய்ய மற்றவருக்கு உரிமை உண்டு என்று 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆவது பிரிவு சொல்கிறது. அந்த உரிமையின் பேரில்தான் இதை எழுதுகிறேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வந்த 30 செம்பில் 26 நல்லவை. அவற்றை எடுத்துக்கொண்டேன், விலை 884 ரிங்கிட். மீதி நான்கில் மூன்றுக்குக் கழுத்துப் பக்கம் ஒடுங்கியிருக்கிறது. ஒன்று தரையில் வைத்தால் ஆடுகிறது, அடி மட்டமாக இல்லை. பெட்டி பிரித்த அன்றே படம் எடுத்து உங்களுக்கு அனுப்பியிருந்தேன். அந்த நான்கையும் விற்காமல் தனியே கட்டி வைத்திருக்கிறேன். உங்கள் லாரி இந்தப் பக்கம் வரும்போது எடுத்துக்கொள்ளலாம், அல்லது உங்கள் செலவில் அனுப்பிவைக்கிறேன். ஆக, 3,200 ரிங்கிட்டில் 884 போக, நீங்கள் திருப்பித் தர வேண்டியது 2,316 ரிங்கிட்.

இந்தத் தொகையை 6 பிப்ரவரி 2026, வெள்ளிக்கிழமை, மாலை 5 மணிக்குள், முன்பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்கில் ஒரே தவணையாகப் போட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு இந்த முறை வேண்டாம்.

இன்னொன்று. வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்ப முடியாமல், பட்டர்வொர்த்தில் 150 பால்குடத்தைக் குடத்துக்கு 3 ரிங்கிட் கூடுதலாகக் கொடுத்து வாங்கினேன். அதில் எனக்கு 450 ரிங்கிட் கைநட்டம். பில் இருக்கிறது. மேலே சொன்ன நாளுக்குள் 2,316 ரிங்கிட்டும் முழுதாக வந்துவிட்டால் இந்த 450ஐக் கேட்க மாட்டேன். வராவிட்டால் இரண்டையும் சேர்த்துக் கேட்பேன்; அந்தக் கடிதம் வழக்கறிஞர் மூலமாக வரும்.

அப்பா காலத்திலிருந்து உங்களிடம் சரக்கு எடுக்கிறோம். துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது உங்கள் கையில் இல்லாத காரியமாகவே இருக்கலாம். ஆனால் 12ஆம் தேதியே அதைச் சொல்லியிருந்தால் வேறு இடத்தில் நிதானமாக விலை பேசி வாங்கியிருப்பேன். இந்தக் கணக்கு சுமுகமாக முடிந்தால், தீபாவளி விளக்குக்கு உங்களிடமே வருவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

கடிதம் கிடைத்ததையும் பணம் போடும் நாளையும் புதன்கிழமைக்குள் எழுத்தில் தெரிவியுங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
தேவி

இணைப்பு: முன்பண ரசீது, வங்கிச் சீட்டு, 8 டிசம்பர் முதல் 19 ஜனவரி வரையிலான வாட்ஸ்அப் உரையாடல், நான்கு செம்பின் படங்கள், பட்டர்வொர்த் பில்

—

வாட்ஸ்அப்புக்கு:

அண்ணே வணக்கம். தைப்பூச ஆர்டரில் வராத சரக்கை ரத்து செய்திருக்கிறேன், இனி எதுவும் ஏற்றிவிட வேண்டாம். எடுத்துக்கொண்ட 26 செம்பின் விலை கழித்து, முன்பணத்தில் மீதி 2,316 ரிங்கிட்டை பிப்ரவரி 6க்குள் அதே கணக்கில் போட்டுவிடுங்கள். முழு விவரமும் கடிதமாக இமெயிலில் இருக்கிறது, இங்கேயும் இணைத்திருக்கிறேன். படித்துவிட்டு எந்த நாள் போடுகிறீர்கள் என்று இங்கேயே எழுதுங்கள்ண்ணே, கடையில் கூட்டம், ஃபோன் எடுக்க முடியாது.