டெலிவரி வேனுக்கு உதவியாளர் தேவை

வீட்டுச் சாமான்கள் டெலிவரி செய்யும் எங்கள் வேனில் டிரைவருடன் போய்ப் பொருட்களை ஏற்றி இறக்க ஒருவர் வேண்டும். திங்கள் முதல் சனி வரை, காலை 8.30 முதல் மாலை 5.30 வரை, நடுவில் ஒரு மணி நேரம் இடைவேளை.

வேலை சுலபமில்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். ஒருநாளில் பன்னிரண்டு வீடுகள் வரை போக வேண்டியிருக்கும், சில இடங்களில் லிஃப்ட் இருக்காது. 25 கிலோவுக்கு மேல் எதையும் தனியாகத் தூக்கச் சொல்ல மாட்டோம், அதற்கு டிரைவரும் கை கொடுப்பார், தள்ளுவண்டியும் கையுறையும் நாங்களே தருவோம்.

லைசென்ஸ், அனுபவம், படிப்புச் சான்றிதழ் எதுவும் வேண்டாம். முகவரி படிக்கத் தெரிந்தால் போதும். ஆனால் நேரத்துக்கு வர வேண்டும், ஏனென்றால் நீங்கள் வராவிட்டால் வேன் கிளம்பாது, காத்திருக்கும் வீடுகள் அத்தனையும் ஏமாந்துபோகும். அதனால்தான் அரை மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய உள்ளூர் ஆட்களைத் தேடுகிறோம். உடம்பு முடியவில்லையா, காலை 7 மணிக்குள் சொல்லிவிடுங்கள், சரி.

சம்பளம் மாதம் 1ஆம் தேதி வங்கிக் கணக்கில் வரும். கூடுதல் நேரத்துக்குத் தனிக் கணக்கு. முதல் வாரம் பழகிப் பார்க்க, அதற்கும் முழுச் சம்பளம் உண்டு.

பெயர், குடியிருக்கும் பகுதி, எப்போது சேர முடியும், இந்த மூன்றை மட்டும் எழுதி அனுப்புங்கள். இரண்டு நாளில் நாங்களே கூப்பிடுகிறோம்.