ஒரு கிலோ ரப்பர் தேன்: உங்கள் மதிப்புரைக்கு என் பதில்

வணக்கம் மேடம்.

சனிக்கிழமை ராத்திரி இதே இடத்தில் ஒரு பதில் போட்டிருந்தேன். உங்கள் மதிப்புரையை வாசித்த சூட்டில் எழுதியது. 'தேனைப் பற்றித் தெரியாமல் பேசாதீர்கள்' என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்தப் பதிலை எடுத்துவிட்டேன். அப்படி எழுதியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னதையெல்லாம் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று காற்று வந்தது, மேலே நுரை, கள் மாதிரி வாடை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் சொன்னது சரி, அந்தத் தேன் புளித்துப்போயிருக்கிறது. ஒவ்வொரு முறை பாட்டிலில் அடைக்கும்போதும் ஒரு சின்னக் குப்பி தனியாக எடுத்து வைப்போம். உங்களுக்கு வந்தது ஏப்ரல் 22 அன்று அடைத்தது. அந்தக் குப்பியை ஞாயிறு காலை திறந்தேன், அதே வாடை. ஒரு சொட்டு எடுத்து மீட்டரில் வைத்தால் ஈரப்பதம் 23 சதவீதம் காட்டியது. உணவுப் பாதுகாப்பு விதிப்படி 20-ஐத் தாண்டக் கூடாது.

எங்கள் தேனீப் பெட்டிகள் அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருக்கின்றன. ரப்பர் துளிர்க்கிற காலத்தில் மூன்று இலையும் சேருகிற காம்பு நுனியில் இனிப்பு சுரக்கும், தேனீ அதைத்தான் எடுத்துவரும். தண்ணீர் வற்றிக் கெட்டியான பிறகுதான் அறையை மெழுகால் மூடும். அடையில் முக்கால்வாசியாவது மூடிய பிறகே எடுக்க வேண்டும். இந்த வருஷம் கடைசி எடுப்பு சமயத்தில் கோடை மழை விடாமல் பிடித்துக்கொண்டது. இருப்பதும் போய்விடுமோ என்று பயந்து, பாதி மூடிய அடைகளையும் எடுக்கச் சொன்னது நான்தான். மீட்டரில் பார்க்காமல் அடைத்ததும் நான்தான். பாட்டில் வழிந்து பெட்டியெல்லாம் பிசுபிசுத்தது கொரியர்காரர் தவறு என்று முதல் பதிலில் எழுதினேன். தேன் புளித்து உள்ளே உண்டான வாயு மூடியைத் தள்ளியிருக்கிறது. அவர்மேல் பழி போட்டதும் தப்பு.

அடியில் வெள்ளையாகக் குருணை இருப்பதைப் பார்த்து சீனிப்பாகு என்று சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். நான் எதுவும் கலக்கவில்லை. ரப்பர் தேன் மற்ற தேனைவிடச் சீக்கிரம் உறையும். அப்படி உறைந்ததைக் கை பொறுக்கும் சுடுதண்ணீரில் பாட்டிலோடு வைத்தால் இளகிவிடும். இந்த இரண்டு வரியை லேபிளில் போட்டிருந்தால் உங்களுக்கு அந்தச் சந்தேகமே வந்திருக்காது. ஆனாலும் என் வாய்ச்சொல்லை நம்புங்கள் என்று கேட்க மாட்டேன். தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது இவற்றை வைத்து கலப்படம் உண்டு என்றோ இல்லை என்றோ யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நீங்களே ஒரு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தைத் தேர்ந்தெடுத்து மீதித் தேனைக் கொடுங்கள், கட்டணம் என்னுடையது. முடிவு எதுவானாலும் இங்கேயே போடுங்கள்.

அம்மாவின் இருமலுக்காக வாங்கியதாகச் சொல்லியிருந்தீர்கள். அந்தத் தேனை இனி அவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். மதிப்புரை முழுவதிலும் என்னை அதிகம் உறுத்தியது அந்த வரிதான்.

மூன்று நாள் போன் அடித்தும் யாரும் எடுக்கவில்லை என்பதும் உண்மை. அந்த நாட்களில் நான் தோட்டத்தில் இருந்தேன், போன் வீட்டில் மேசைமேல் கிடந்தது. இப்போது காலை 9 முதல் மாலை 6 வரை என் தங்கை எடுக்கிறாள். தவறிய அழைப்புக்கு அன்றைக்கே திருப்பிக் கூப்பிடுவாள்.

தேன் விலை 640, கொரியர் 90, ஆக 730 ரூபாயை நேற்று நீங்கள் பணம் கட்டிய கணக்குக்கே திருப்பிவிட்டேன். வந்து சேரவில்லை என்றால் இங்கேயே ஒரு வரி எழுதுங்கள். பாட்டிலைத் திருப்பி அனுப்பும் அலைச்சல் வேண்டாம். எங்கள் வண்டி வாரத்தில் இரண்டு நாள் களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் வருகிறது, நீங்கள் சொல்கிற நேரத்தில் வந்து எடுத்துக்கொள்கிறோம். மதிப்புரையை மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. உங்களுக்கு நடந்ததை அப்படியே எழுதியிருக்கிறீர்கள், அது அங்கேயே இருக்கட்டும்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏப்ரல் 22 அன்று 38 பாட்டில் அடைத்தோம். வாங்கியவர்களில் 31 பேரிடம் பேசிவிட்டேன், ஏழு பேர் இன்னும் கிடைக்கவில்லை. உங்கள் பாட்டிலின் அடிப்பக்கத்தில் ஏப்ரல் 22 என்று இருந்தால் சாப்பிட வேண்டாம். மூடியை மெதுவாகத் திறந்து வையுங்கள், உள்ளே அழுத்தம் இருக்கலாம். பில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தேதி தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பினால் முழுப் பணமும் தந்துவிடுகிறேன்.