பொருள்: நேற்று ஸ்கேனர் படிக்க மறுத்த அந்த லேபிளும், கூட்டத்தில் எழுந்த மற்றக் கேள்விகளும்

மதிப்பிற்குரிய கொள்முதல் மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நேற்று ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, உங்கள் குழுவினர் அனைவரையும் அமர்த்தி எங்கள் கிடங்கு இருப்பு மென்பொருளின் செயல்விளக்கத்தைப் பார்த்ததற்கு நன்றி. கூட்டம் முடியும்போது பாராட்டைவிடக் கேள்விகளே அதிகமாக இருந்தன. அவற்றில் இரண்டுக்கு நான் அங்கேயே சொன்ன பதில் அரைகுறையானது. அதனால்தான் இந்த மடல் கொஞ்சம் நீளமாக இருக்கிறது.

முதலில் அந்த லேபிள். உங்கள் கிடங்குப் பொறுப்பாளர் ஜன்னலோர அடுக்கிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்து நீட்டினார். ஸ்கேனர் நான்கு முறையும் படிக்கவில்லை. "வெளிச்சம் போதவில்லை" என்று சமாளித்தேன். அது சரியான விடை இல்லை. கிளம்பும்போது அவரிடம் கேட்டு அந்த லேபிளை வாங்கி வந்தேன். அலுவலகத்தில் அதன் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் வேகமாக உரசியதும் கருப்பாக ஒரு கோடு விழுந்தது. அப்படியானால் அது சூடு பட்டால் கருக்கும் தாளில், ரிப்பன் இல்லாமல் அச்சிட்ட லேபிள். கடைகளில் தரும் பில் தாளும் இதே வகைதான். வெயிலும் வெப்பமும் படும் இடத்தில் அதன் கோடுகள் மெல்ல வெளுத்துவிடும். எந்தக் கருவியை வாங்கினாலும் வெளுத்த கோட்டைப் படிக்க முடியாது. எங்கள் கருவியாலும் முடியாது.

ஆகவே ஜன்னலோர அடுக்கிலும், மாதக்கணக்கில் சரக்கு தங்கும் இடங்களிலும் ரிப்பன் வைத்து அச்சிடும் லேபிளுக்கு மாறுவது நல்லது. உங்களிடம் இருக்கும் அச்சுப்பொறி இரண்டு வகையிலும் அச்சிடக்கூடியதா என்பதை அதன் மாடல் எண்ணை அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன். புதிதாக வாங்க வேண்டிய தேவை இல்லாமலே போகலாம். இரண்டு நாளில் வெளியேறிவிடும் சரக்குக்கு இப்போதைய லேபிளே போதும், அங்கே ரிப்பனுக்குச் செலவழிக்க வேண்டாம். க்யூஆர் குறியீட்டுக்கு மாறினால் சிக்கல் தீருமா என்று கேட்டீர்கள். ஓரளவு தீரும். அதில் பிழைதிருத்தத்துக்கு நான்கு நிலைகள் உண்டு. மிக உயர்ந்த நிலையில் ஏறத்தாழ 30 சதவீதம் சேதமானாலும் படித்துவிடலாம். கிழிசலுக்கும் அழுக்குக்கும் அது கைகொடுக்கும். லேபிள் முழுவதுமே வெளுத்துப் போனால் அதுவும் உதவாது.

இரண்டாவது, பின்வரிசையில் வைஃபை எட்டாத விஷயம். "இணைப்பு இல்லாவிட்டாலும் வேலை நடக்கும், கவலை வேண்டாம்" என்றேன். வேலை நடக்கும் என்பது உண்மை. ஸ்கேன் செய்தவை கருவியிலேயே பதிவாகி, இணைப்பு வந்ததும் சர்வருக்குப் போய்ச் சேரும். கவலை வேண்டாம் என்றதுதான் அவசரம். உங்கள் கணக்கு அலுவலர் அம்மா கேட்டது அதைவிட நுட்பமான கேள்வி: ஒரே தொகுதியில் 10 பெட்டிதான் இருக்கிறது, இணைப்பில்லாத இரண்டு பேர் ஆளுக்கு 8 பெட்டி எடுத்ததாகப் பதிந்தால் என்ன ஆகும்? மென்பொருள் இரண்டு பதிவையும் ஏற்றுக்கொள்ளும். இருப்பு கழித்தல் 6 என்று காட்டும். அந்தத் தொகுதியை முரண்பட்டியலில் சேர்த்து மேற்பார்வையாளருக்கு அறிவிக்கும். யார் சொன்னது சரி என்று அதுவாக முடிவு செய்யாது. அலமாரிக்குப் போய் ஒருவர் எண்ணித்தான் ஆக வேண்டும். எண்ணைத் தானாகச் சரிசெய்து பிழையை மூடிவிடும் மென்பொருளைவிட இது மேல் என்பது என் எண்ணம். ஆனால் தினமும் மாலையில் அந்தப் பட்டியலைப் பார்க்க ஒருவரை நியமிக்க வேண்டும் என்பதை நேற்றே சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்து, பழைய எக்செல் கோப்பிலிருந்து தரவை மாற்றுவது. நீங்கள் தந்த 240 வரி மாதிரிக் கோப்பை இன்று காலை ஏற்றிப் பார்த்தோம். 31 வரிகளில் பொருள் குறியீட்டின் முன்னால் இருந்த பூஜ்யங்கள் காணாமல் போயிருக்கின்றன. எடுத்துக்காட்டாக, 0012345678905 என்று இருக்க வேண்டியதை எக்செல் வெறும் எண்ணாகக் கருதி 12345678905 ஆக்கிவிடும். தட்டச்சு செய்தவர் மேல் தவறில்லை, அந்தக் கட்டத்தை உரை வடிவத்துக்கு மாற்றாமல் விட்டதால் வந்தது. நல்ல வேளையாக உங்கள் குறியீடுகள் எல்லாம் 13 இலக்கம் என்பதால் பூஜ்யங்களைத் திரும்பச் சேர்த்துவிடலாம். கடைசி இலக்கம் சோதனை இலக்கம் என்பதால் சேர்த்தது சரியா என்று கணக்கிட்டும் பார்க்கலாம். 31-இல் 29 சரியாக வந்தன. மீதி இரண்டு வரிகளை இணைப்பில் மஞ்சள் நிறமிட்டிருக்கிறேன். பெட்டியைப் பார்த்து ஒருவர் சொல்ல வேண்டும். முழுக் கோப்பையும் மாற்றித் தருவது எங்கள் பொறுப்பு, அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

கணக்கு மென்பொருளோடு உடனுக்குடன் இணையுமா என்ற கேள்விக்கு விடை: இப்போது இணையாது. இரவில் ஒரு முறை கோப்பாக அனுப்பும், காலையில் கணக்குப் பிரிவு அதை ஏற்றிக்கொள்ளலாம். நிமிடத்துக்கு நிமிடம் இருப்பு மதிப்பு தெரிந்தே ஆக வேண்டும் என்றால் நாங்கள் உங்களுக்குப் பொருத்தமானவர்கள் அல்லர். ஒப்பந்தம் முடிந்தால் தரவு யாருடையது என்பதில் சிக்கல் இல்லை, உங்களுடையதுதான். முடிந்த பிறகும் 60 நாள் வரை நீங்களே இறக்கிக்கொள்ளலாம் என்று வரைவில் ஒரு பிரிவைச் சேர்த்திருக்கிறேன். எழுத்து சிறியதாக இருக்கிறது என்று மூத்த ஊழியர் ஒருவர் கருவியைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக் காட்டினார் அல்லவா, அமைப்பில் எழுத்தளவைக் கூட்டினால் அளவும் தொகுதி எண்ணும் மட்டும் பெரிதாகத் தெரியும் திரை வரும். அதன் படத்தையும் இணைத்திருக்கிறேன், அவரிடம் காட்டுங்கள்.

விலையைக் குறைக்கக் கேட்டீர்கள். கருவி ஒன்றின் விலையைக் குறைக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் எண்ணிக்கையைக் குறைக்கலாம். 6 கருவிகள் என்று மதிப்பீடு கொடுத்திருந்தேன். நேற்று உங்கள் ஷிப்ட் நடப்பதைப் பார்த்த பின், ஒரே நேரத்தில் ஸ்கேன் செய்பவர்கள் மூன்று பேருக்கு மேல் இல்லை என்று தெரிகிறது. ஒன்றைக் கூடுதலாக வைத்து 4 போதும். திருத்திய மதிப்பீடு இணைப்பில் இருக்கிறது.

இப்போதே முடிவெடுக்க வேண்டாம். பின்வரிசையிலும் ஜன்னலோர அடுக்கிலும் மட்டும் இரண்டு வாரம் சோதனையாக ஓட்டிப் பார்க்கலாம். எளிதான இடத்தில் ஓட்டினால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். இரண்டு கருவிகளும் ஒரு சுருள் ரிப்பன் லேபிளும் நான் கொண்டுவருகிறேன். இரண்டாம் வார முடிவில் கையால் எண்ணிய இருப்பும் மென்பொருள் காட்டும் இருப்பும் எத்தனை வரிகளில் வேறுபடுகின்றன என்று உங்கள் ஆட்களே எண்ணட்டும். எத்தனை வரை பொறுக்கலாம் என்பதைச் சோதனை தொடங்கும் முன் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதைத் தாண்டினால் கருவிகளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன்.

வியாழக்கிழமை காலை 11 மணிக்கு அழைக்கலாமா? கிடங்குப் பொறுப்பாளரும் உடன் இருந்தால் நல்லது. அவருடைய லேபிள் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது, வரும்போது திருப்பித் தருகிறேன்.

அன்புடன்,
கதிரவன்
விற்பனைப் பிரிவு

இணைப்புகள்: திருத்திய மதிப்பீடு, ஒப்பந்த வரைவு, சரிபார்த்த மாதிரிக் கோப்பு, பெரிய எழுத்துத் திரையின் படம்