பிப்ரவரி 7, கோவைக்கு வாங்க: வருடாந்திர ஆலோசனைக் கூட்டத்துக்கு அழைப்பு

வணக்கம்ங்க,

வருகிற பிப்ரவரி 7, 2026, சனிக்கிழமை நம் கோவை பம்ப் தொழிற்சாலையில் இந்த வருட ஆலோசனைக் கூட்டம். காலை 9.30 முதல் மாலை 4.30 வரை. டீலர்கள், போர்வெல் கான்ட்ராக்டர்கள், ரீவைண்டிங் கடை வைத்திருப்பவர்கள் என்று மொத்தம் 18 பேரை மட்டும் கூப்பிடுகிறோம், அதில் நீங்களும் ஒருவர். மார்ச்சில் சீசன் தொடங்கிவிட்டால் உங்களுக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது என்று தெரியும், அதனால்தான் அதற்கு முன்னாலேயே வைத்திருக்கிறோம்.

போன வருடம் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த அண்ணன் ஒருவர் பையிலிருந்து துண்டில் சுற்றிய ஒரு இம்பெல்லரை எடுத்து மேஜை மேல் வைத்தார். ஓரமெல்லாம் மணல் அரித்து பிளேடு மாதிரி மெலிந்து கிடந்தது. "வாரண்டி கேக்க வரலைங்க, எட்டு மாசத்துல ஏன் இப்படி ஆகுதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். எங்கள் இன்ஜினியர்கள் டெஸ்ட் பெட்டில் சுத்தமான தண்ணீரில் ஓட்டிப் பார்த்துத்தான் பம்பை அனுப்பிக்கொண்டிருந்தார்கள், அந்த இம்பெல்லரைப் பார்த்த பிறகுதான் மணல் தடுப்பு வளையத்தையும் புஷ்ஷையும் மாற்றினோம். இந்தக் கூட்டத்தில் எங்களுக்குத் தேவை இப்படிப்பட்ட பேச்சுதான். கழற்றிய பழைய பாகம், எரிந்த காயில், பேனல் போர்டு போட்டோ, எது இருந்தாலும் கொண்டு வாங்க.

இந்த முறை முக்கியமாகப் பேசப் போவது லோ வோல்டேஜ். 415 இருக்க வேண்டிய இடத்தில் லைன் கடைசித் தோட்டங்களில் 320, 330தான் வருகிறது, மோட்டார் கூடுதல் ஆம்ப்ஸ் இழுத்துச் சூடேறி காயில் போகிறது, பழி பம்ப் மேல் விழுகிறது. இதற்காக 6 இன்ச் போர்வெல்லுக்கு ஒரு புது மோட்டார் செய்துகொண்டிருக்கிறோம், காலையில் அதை உங்கள் முன்னால் வோல்டேஜைக் குறைத்துக் குறைத்து ஓட்டிக் காட்டுவோம். மதியம் வாரண்டி கிளெய்ம். ஒரு கிளெய்மை முடிக்க இப்போதும் 21 நாள் ஆகிறது, அது தப்பு, எங்கே தேங்குகிறது என்று உங்கள் வாயால் கேட்க வேண்டும். கணக்குப் பிரிவிலிருந்தும் ஆள் உட்காருவார்.

பயணச் செலவு முழுக்க எங்களுடையது. ரயிலில் வந்தால் மூன்றாம் வகுப்பு ஏசி டிக்கெட்டை நாங்களே போட்டு அனுப்புகிறோம், பெயர், வயது, ஏறும் ஸ்டேஷன் மட்டும் சொல்லுங்க. பஸ்ஸில் வந்தால் டிக்கெட்டை போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். சொந்தக் காரில் வந்தால் கிலோமீட்டருக்கு 10 ரூபாய், இரண்டு பக்கமும் சேர்த்து அதிகபட்சம் 6,000, டோல் தனி. கூட்டம் முடிந்து 7 வேலை நாளுக்குள் உங்கள் வங்கிக் கணக்குக்குப் பணம் வந்துவிடும். தூரத்திலிருந்து வருபவர்களுக்கு வெள்ளி இரவு தங்க அறை உண்டு, கூட ஒருவர் வந்தாலும் பரவாயில்லை, ஆனால் கூட்ட அறைக்குள் அழைக்கப்பட்டவர் மட்டும்தான். மதுரை, தேனி, திருச்சி பக்கமிருந்து வருபவர்கள் சிங்காநல்லூரிலும், சேலம், ஈரோடு பக்கம் காந்திபுரத்திலும், பொள்ளாச்சி பக்கம் உக்கடத்திலும் இறங்கினால் காலை 8.30க்கு எங்கள் வேன் நிற்கும்.

அப்புறம் ரகசியம் பற்றி. புது மோட்டாரின் டெஸ்ட் அளவுகள், வெளியிடும் மாதம், உத்தேச விலை எல்லாவற்றையும் உங்களிடம் திறந்து பேசப் போகிறோம், நாங்கள் வெளியே அறிவிக்கும் வரைக்கும் அவை உங்களோடு இருக்க வேண்டும். உள்ளே வரும்போது ஒரு பக்கத் தாளில் கையெழுத்து கேட்போம். அதைப் படிக்காமல் போடாதீங்க, தமிழில்தான் இருக்கும், வேண்டும் என்றால் முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். டெஸ்ட் பெட் அருகில் போட்டோ, வீடியோ வேண்டாம், குரூப்பிலும் போட வேண்டாம். உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த விஷயமும், ஊருக்கே தெரிந்த விஷயமும் இதில் சேராது. சட்டப்படி ஒரு அதிகாரி கேட்டால் சொல்லலாம், சொன்னதை எங்களுக்கும் தெரிவியுங்க. அதே மாதிரி உங்கள் விற்பனைக் கணக்கு, வாடிக்கையாளர் பெயர் எதையும் நாங்கள் இன்னொரு டீலரிடம் சொல்ல மாட்டோம். யார் என்ன விலைக்கு விற்பது என்று உங்களுக்குள் பேசி முடிவு செய்வது மட்டும் கூட்டத்திலோ டீ நேரத்திலோ கண்டிப்பாகக் கூடாது, அது 2002ஆம் வருடப் போட்டிச் சட்டத்துக்கு எதிரானது, சிக்கல் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

ஜனவரி 20 செவ்வாய்க்குள் வருகிறீர்களா இல்லையா என்று இந்தச் செய்திக்கே பதில் போடுங்க. அதற்கு மேல் போனால் ரயிலில் இடம் கிடைப்பது கஷ்டம். வர முடியாவிட்டால் உங்கள் கடையில் வேலை தெரிந்த ஒருவரை அனுப்பலாம், பெயரை மட்டும் முன்பே சொல்லிவிடுங்க. மதியச் சாப்பாடு சைவம்தான், சர்க்கரை, உப்பு குறைக்க வேண்டியவர்கள் அதையும் பதிலில் எழுதுங்க, தனியாகச் செய்யச் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
சர்வீஸ் பிரிவுத் தலைவர்,
கோவை தொழிற்சாலை