கிளினிக் கேள்வித்தாள்: நீங்கள் சொன்னவையும் இனி நடக்கப்போவதும்

அன்பார்ந்த தோட்ட மக்களுக்கும் தாமான் குடும்பங்களுக்கும் வணக்கம்.

போன மாதம் வீடு வீடாக வந்து கேள்வித்தாளைக் கொடுத்தோம். 86 வீடுகளில் நிரப்பிக் கொடுத்தீர்கள். சமையலைப் பாதியில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து பதில் சொன்ன அம்மாக்களுக்கும், கண் சரியாகத் தெரியாத தாத்தா பாட்டிகளுக்கு வாசித்துக் காட்டி எழுதிக் கொடுத்த பிள்ளைகளுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. வாங்கிக்கொண்டு போனவர்கள் அப்புறம் வரவே இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

86 வீடுகளில் 52 வீட்டில் இனிப்புநீர் அல்லது ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் ஒருவராவது இருக்கிறார். அதில் 33 வீட்டில் கடந்த ஓராண்டில் கிளினிக் தேதி ஒன்றாவது தவறியிருக்கிறது. கூட்டமும் காத்திருப்பும்தான் காரணமாக இருக்கும் என்று நினைத்தோம். அப்படிச் சொன்னது 5 வீடுதான். 21 வீட்டில் சொன்ன காரணம், போக வர வண்டி இல்லை என்பது.

அதிலும் போவதைவிடத் திரும்பி வருவதுதான் பெரும்பாடு. காலையில் மகனோ மருமகளோ வேலைக்குப் போகும் வழியில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். ரத்தம் எடுக்க வேண்டும் என்பதால் முதல் நாள் இரவிலிருந்து சாப்பாடு கிடையாது. டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கி முடிக்க மதியம் ஆகிவிடுகிறது. செம்பனைக்குள் இருக்கும் லயத்துக்கு அந்த நேரத்தில் பஸ் ஏது? கிளினிக்கில் கட்டுவது 1 ரிங்கிட், அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அதுவும் இல்லை. வீடு திரும்பும் டாக்சிக்கு 15, 20 ரிங்கிட் ஆகிறது. "மகனை லீவு போடச் சொல்ல மனசு வரல, மாத்திரைய பாதி பாதியா உடைச்சு அடுத்த மாசம் வரைக்கும் ஓட்டிக்கிட்டேன்" என்று ஒரு தாளில் இருந்தது. அதைப் படித்தபோது எங்கள் குழுவில் யாருக்கும் உடனே பேச்சு வரவில்லை. மாத்திரையை இப்படிக் குறைத்துச் சாப்பிடுகிறவர்கள் இன்னும் சிலர் உண்டு. தயவுசெய்து வேண்டாம். மருந்து தீரப்போகிறது என்றால் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், வாங்கிவர வழி பார்ப்போம்.

மற்ற பதில்களைச் சுருக்கமாகச் சொல்கிறோம். தேதி மறந்துபோனதாகச் சிலர், சம்பளம் பிடிப்பார்கள் என்று சிலர். கிளினிக் தாதிகள் பொறுமையாகப் பேசுகிறார்கள் என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள், அதை அவர்களிடமே சொல்லிவிட்டோம். இரவு ஷிப்ட் செய்கிறவர்களின் பதில் குறைவு. அவர்கள் நிலவரத்தை இந்தக் கணக்கை வைத்து முடிவு செய்ய மாட்டோம், தனியாக வந்து கேட்போம்.

சரி, இனி என்ன செய்யப்போகிறோம்?

கோயில் வேனை வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும், தர நிர்வாகத்தினர் சம்மதித்திருக்கிறார்கள். காலையில் நீங்கள் இப்போது போகிற மாதிரியே போய்க்கொள்ளுங்கள். வேன் திரும்பி வருவதற்குத்தான்: 11.30-க்கு ஒரு நடை, 1.30-க்கு ஒரு நடை, கிளினிக் வாசலிலிருந்து. மூன்று மாதம் ஓட்டிப் பார்ப்போம். எண்ணெய்ச் செலவுக்கு உண்டியல் வைப்போம், முடிந்தவர்கள் போட்டால் போதும், யாரிடமும் கேட்க மாட்டோம். தோட்டத்து ஆட்களின் தேதிகளை அந்த இரண்டு நாளில் போட்டுத் தர முடியுமா என்று கிளினிக்கில் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

முதல் மாத மருந்தை நேரில் வாங்கிவிட்டால், தொடர் மருந்தைத் தபாலில் பெறும் வசதி அரசாங்க மருந்தகங்களில் உண்டு. தபால் செலவு நம்முடையது. இங்கே யார் யாருக்கு அது ஒத்துவரும், இன்சுலின் போடுகிறவர்கள் என்ன செய்வது என்று விசாரித்துத் தெரிவிக்கிறோம்.

பஸ் விஷயம் நம் கையில் இல்லை. அதனால் இந்தக் கணக்கை இணைத்துச் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கு ஒரு மனு தயார் செய்திருக்கிறோம். இரவு கிளினிக் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு: அதை இப்போதைக்கு எங்களால் செய்து தர முடியாது.

இன்னொன்று. பெயரும் வீட்டு எண்ணும் இருந்த முதல் பக்கங்களைக் கிழித்து எரித்துவிட்டோம். மனுவில் மொத்த எண்ணிக்கை மட்டும்தான் போகிறது. டிவிஷன் வாரியாகப் பிரித்துப் போடச் சிலர் கேட்டார்கள், மறுத்துவிட்டோம். பத்துப் பன்னிரண்டு வீடு உள்ள இடத்தில் யார் என்ன எழுதினார்கள் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? மேலே சொன்ன மாத்திரை விஷயத்தையும் எழுதியவரிடம் கேட்டுத்தான் போட்டோம்.

மனு அடுத்த ஞாயிறு வரை கோயில் மண்டபப் பலகையில் இருக்கும். உங்கள் வீட்டு நிலவரத்துக்குப் பொருந்தாதது ஏதாவது தெரிந்தால் அதற்குள் சொல்லுங்கள், திருத்திவிட்டு அனுப்புகிறோம். வேனில் வர நினைப்பவர்கள் முதல் நாள் மாலைக்குள் மண்டபத்தில் உள்ள நோட்டில் பெயர் எழுதிவிடுங்கள். நடக்கச் சிரமப்படுகிறவர் என்றால் அதையும் குறித்து வையுங்கள், முன் சீட்டை ஒதுக்கி வைப்போம்.

நன்றியுடன்,
கேள்வித்தாள் குழுவினர்