பாட்டு கிளாஸ்: ஜூலையிலிருந்து நிறைய்யா வரமாட்டாள்

வணக்கம் மிஸ். நிறைய்யா அம்மா எழுதுகிறேன். அடுத்த டேர்முக்கு அட்மிஷன் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் மிஸ், இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அவளுக்கு ஆர்வம் விட்டுப்போய்விட்டது. ஜண்டை வரிசை வரை தானாகவே சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். அலங்காரம் மூன்றாம் காலம் வந்த பிறகு தாளம் ஒரு பக்கம், ஸ்வரம் ஒரு பக்கமாகப் போனது. நீங்கள் வேகத்தைக் குறைத்துச் சொல்லிக்கொடுத்து அதைச் சரி செய்துவிட்டீர்கள். ஆனாலும் மலஹரி கீதங்களுக்கு வந்தும் வீட்டில் வாயே திறப்பதில்லை. சனிக்கிழமை காலை என்றாலே வயிற்றுவலி. ஏப்ரல், மே லீவில் விட்டுப் பார்த்தோம், ஒரு நாள் கூடப் பாட்டு நோட்டை எடுக்கவில்லை. பாடச் சொல்லித் திட்டினால் இருக்கிற கொஞ்சம் பிடிப்பும் போய்விடும்.

பள்ளிக்கூடப் படிப்புக்காக நிறுத்தவில்லை, வேறு டீச்சரிடமும் சேர்க்கவில்லை. உங்கள் பாடத்தில் ஒரு குறையும் இல்லை.

ஜூன் ஃபீஸ் 1,200 ரூபாய் 3ஆம் தேதியே ஜிபேயில் அனுப்பிவிட்டேன். கடைசி கிளாஸ் 28ஆம் தேதி. அன்றைக்கு நீங்கள் கொடுத்த கீத நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உங்களிடம் சொல்லிக்கொண்டு வருவாள். நவராத்திரி குழுப்பாட்டில் அவள் பெயரை எடுத்துவிடுங்கள், சனி 9 மணி இடத்தையும் காத்திருக்கும் குழந்தைக்குக் கொடுத்துவிடுங்கள். 'ஏன் விட்டுட்டே?' என்று மட்டும் அவளிடம் கேட்க வேண்டாம் மிஸ், அழுதுவிடுவாள்.