விசா தாமதத்தால் சேரும் திகதியை ஆகஸ்ட் 11 வரை தள்ளித் தருமாறு வேண்டுகோள்

அனுப்புநர்
இராமையா சிவகாமி
பொகவந்தலாவை, நுவரெலியா மாவட்டம்
இலங்கை

பெறுநர்
பொறுப்பு அலுவலர் அவர்கள்
அயல்நாட்டு மாணவர் சேர்க்கைப் பிரிவு
தமிழ்ப் பல்கலைக்கழகம்
தஞ்சாவூர் 613 010

8 ஜூலை 2025

பொருள்: முதுகலைத் தமிழ் முதலாம் ஆண்டு – 14.07.2025 அன்று நேரில் வந்து சேர இயலாமை – 11.08.2025 வரை அவகாசம் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இந்தக் கல்வியாண்டில் முதுகலைத் தமிழ் படிக்கத் தங்கள் பல்கலைக்கழகத்தில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஜூலை 14, திங்கட்கிழமை நேரில் வந்து சேர வேண்டும் என்று அனுமதிக் கடிதத்தில் இருக்கிறது. என் மாணவர் விசா இன்னும் கைக்கு வரவில்லை. கடவுச்சீட்டும் விசா அலுவலகத்தில்தான் இருக்கிறது. அதனால் அன்றைக்கு என்னால் தஞ்சாவூரில் இருக்க முடியாது. சேரும் திகதியை ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை வரை தள்ளித் தருமாறு மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

தாமதம் எப்படி வந்தது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். நான் அசட்டையாக இருந்துவிட்டேன் என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது.

அனுமதிக் கடிதத்தின் பிரதி மே 9 அன்று மின்னஞ்சலில் வந்தது. விசாவுக்கு மூலக் கடிதம் வேண்டும் என்பதால், தாங்கள் அதைப் பதிவுத் தபாலில் அனுப்பினீர்கள். நாங்கள் இருப்பது தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில். தபால்காரர் லயத்துக் கதவு வரைக்கும் வருவதில்லை. தோட்டத்துக்கு வரும் கடிதமெல்லாம் தோட்டக் காரியாலயத்தில் கொடுக்கப்படும். அங்கே யாராவது கையெழுத்துப் போட்டு வாங்கி வைப்பார்கள். அப்புறம் யாராவது இந்தப் பக்கம் வரும்போது சொல்லி அனுப்புவார்கள். நான் தினமும் பின்னேரம் போய்க் கேட்டேன். "ஒன்றும் வரவில்லை, பிள்ளை" என்றே பதில் வந்தது. ஜூன் 12 அன்று அம்மா சம்பளக் கணக்குப் பார்க்கப் போனபோது, உர விலைப்பட்டியல் கட்டுக்கு அடியில் பல்கலைக்கழக முத்திரையோடு ஒரு நீளக் கவர் கிடந்ததை அவரே கண்டு எடுத்து வந்தார். வாங்கியவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஜூன் 4 என்று இருந்தது. எட்டு நாள் அங்கேயே கிடந்திருக்கிறது.

கடிதம் கிடைத்த அடுத்த திங்கட்கிழமை, ஜூன் 16, கொழும்புக்குப் போய் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். முதல் நாள் இரவே ஹட்டனில் பஸ் ஏறிவிட்டேன். அன்று எல்லாம் சரி என்றுதான் வாங்கிக்கொண்டார்கள்.

ஜூன் 27 அன்று தொலைபேசியில் கூப்பிட்டு, என் அப்பாவின் பெயர் ஒவ்வொரு பத்திரத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது என்றார்கள். நான் 2000ஆம் ஆண்டு பிறந்தபோது பதிவாளர் பிறப்புச் சான்றிதழைச் சிங்களத்தில் எழுதியிருக்கிறார். அப்பா வாயால் சொன்னதைக் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார். அதைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் எழுத்துக்கு எழுத்து ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது, இராமையா என்ற பெயரின் நடுவில் 'ஒய்' இரண்டு வந்துவிட்டது. கடவுச்சீட்டில் அதே இடத்தில் 'ஐ' ஒன்றுதான். பட்டச் சான்றிதழில் 'ஏ'யும் 'ஐ'யும் சேர்ந்து இருக்கிறது. மூன்றும் ஒரே மனிதர்தான். மலையகத்தில் என் வயதுப் பிள்ளைகள் பலருக்கு இந்தச் சிக்கல் உண்டு. தமிழ்ப் பெயர் சிங்களத்துக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வரும்போது ஒவ்வொரு தடவையும் ஓர் எழுத்து மாறிவிடுகிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குப் பதியும்போதும் எனக்கு இதே கேள்வி வந்தது. அப்போதே திருத்தியிருக்கலாம். பதிவைத் திருத்த மாதக்கணக்கில் ஆகும் என்றதால் படிப்பை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். அது என் தவறு.

ஜூன் 30 அன்று கிராம உத்தியோகத்தரிடம் உறுதிக் கடிதம் வாங்கி, சமாதான நீதவான் முன்னிலையில் நானும் அப்பாவும் சத்தியக்கடதாசியில் கையெழுத்திட்டோம். ஜூலை 2 அன்று அதைக் கொழும்பில் ஒப்படைத்தேன். இனி வேறு பத்திரம் எதுவும் தேவையில்லை என்றும், அன்றிலிருந்து மூன்று வாரமாவது ஆகும் என்றும் சொன்னார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் ஜூலை 23க்கு முன்னால் விசா வர வழியில்லை. ஒரு வாரம் பிந்தினாலும் ஜூலை முடிவுக்குள் வந்துவிடும் என்று நம்புகிறேன். அதற்குப் பிறகு பயணச்சீட்டு எடுத்துப் புறப்பட நாலைந்து நாள் வேண்டும். ஆகஸ்ட் 11 என்று கேட்பது இதை வைத்துத்தான். விசா முந்தி வந்தால் அந்தத் திகதி வரை காத்திருக்க மாட்டேன். கொழும்பிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இருப்பதால் கையில் கிடைத்த அந்த வாரமே வந்துவிடுவேன்.

பயணச்சீட்டை முன்கூட்டியே எடுத்து வைக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. அப்பா தோட்டத்தில் ஓய்வுபெற்றபோது கிடைத்த ஈ.பி.எஃப். பணத்தில்தான் முதற்பருவக் கட்டணத்தையும் விடுதி முன்பணத்தையும் கட்டினோம். மலிவான சீட்டின் திகதியை மாற்றினால் பணம் திரும்பி வராது. ஒரே சீட்டை இரண்டு முறை வாங்க எங்களால் முடியாது.

நான் அதிகம் கவலைப்படுவது வருகைப்பதிவை நினைத்துத்தான். பருவத்துக்கு 90 வேலை நாள் என்றும், 75 சதவீதம் வருகை இருந்தால்தான் தேர்வு எழுதலாம் என்றும் சேர்க்கைக் கையேட்டில் படித்தேன். ஜூலை 14 முதல் ஆகஸ்ட் 8 வரை, வாரம் ஐந்து நாள் என்று வைத்தால், 20 நாள் போய்விடும். மிச்சம் 70. தேர்வுக்குத் தேவை 68. ஆக, வந்து சேர்ந்த பிறகு இரண்டு நாளுக்கு மேல் விடுப்பு எடுக்க முடியாது. எடுக்கவும் மாட்டேன். தீபாவளிக்கு ஊருக்கு வரமாட்டேன் என்று வீட்டில் இப்போதே சொல்லிவிட்டேன். ஆனாலும் காய்ச்சல் என்று ஒரு மூன்று நாள் படுத்துவிட்டால் ஒரு பருவமே போய்விடும். பிந்திச் சேரும் அயல்நாட்டு மாணவருக்குச் சேர்ந்த நாளிலிருந்து வருகையைக் கணக்கிட விதியில் இடம் இருந்தால், அதை எனக்கும் பொருத்த வேண்டுகிறேன். அப்படி இடமில்லை என்றால் அதையும் இப்போதே தெரிவியுங்கள். தெரிந்துகொண்டே வந்து சேர்வேன்.

அவகாசம் தர முடிந்தால், புதிய திகதி போட்ட கடிதம் ஒன்று எனக்கு மிகவும் அவசரமாகத் தேவைப்படும். இப்போதுள்ள கடிதத்தில் ஜூலை 14 என்றே இருக்கிறது. அந்த நாள் கடந்த பிறகு என் கோப்பை எடுத்துப் பார்ப்பவர், சேர வேண்டிய நாள் முடிந்துவிட்டதே என்று மறுபடியும் நிறுத்தி வைக்கலாம். இன்னொரு முறை அப்படி நின்றால் இந்த ஆண்டு படிப்பே கைவிட்டுப் போகும். ஆகவே ஜூலை 14க்குள் கையொப்பமும் முத்திரையும் உள்ள பிரதியை மின்னஞ்சலில் அனுப்பினால் அன்றைக்கே விசா அலுவலகத்துக்குச் சேர்ப்பித்துவிடுவேன். மூலக் கடிதத்தைத் தயவுசெய்து தோட்ட முகவரிக்கு அனுப்ப வேண்டாம். பொகவந்தலாவை டவுனில் மாமாவின் பலசரக்குக் கடை இருக்கிறது. அங்கே தபால்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவார். அந்த முகவரியைத் தனித்தாளில் தட்டச்சு செய்து இணைத்திருக்கிறேன்.

மகளிர் விடுதியில் எனக்கு ஒதுக்கிய இடத்தையும் அதுவரை வைத்திருக்க வேண்டுகிறேன். ஜூலை 14 முதலான விடுதி வாடகையை, நான் அங்கே இல்லாவிட்டாலும், கட்டிவிடுகிறேன். சாப்பாட்டுக் கட்டணத்தை மட்டும் வந்த நாளிலிருந்து கணக்கிட முடியுமா என்று பார்த்துச் சொல்லுங்கள். இந்தியா வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு செய்ய வேண்டும் என்பது தெரியும். அதற்கு விடுதியில் தங்கியிருப்பதற்கான சான்றும் படிப்புச் சான்றும் வேண்டியிருக்கும். வந்த முதல் நாளே அவற்றைக் கேட்டு அலுவலகத்துக்கு வருவேன்.

விடுபடும் நான்கு வாரப் பாடத்தைப் பற்றித் துறைத்தலைவருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். பாடத்திட்டமும் முதல் மாதத்தில் நடத்தப்போகும் பகுதிகளும் தெரிந்தால் இங்கிருந்தே படிக்கத் தொடங்கிவிடுவேன். இலக்கணத் தாளுக்கு வேண்டிய உரைநூல்கள் பேராதனை நூலகத்தில் இருக்கின்றன. தேவையான பக்கங்களைப் படியெடுத்துத் தருவதாக என் ஆசிரியர் சொல்லியிருக்கிறார். கொழுந்து எடுக்கும்போது அம்மாவும் பாட்டியும் பாடும் பாட்டுகளை இரண்டு வருடமாக ஒலிப்பதிவு செய்து வருகிறேன். அவற்றை வைத்து ஆய்வேடு எழுத வேண்டும் என்பதற்காகத்தான் தஞ்சாவூருக்கு விண்ணப்பித்தேன். பாட்டிக்கு 81 வயதாகிறது. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று இந்தப் படிப்பைத் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 4ஆம் திகதிக்குள் விசா கிடைக்காவிட்டால், அன்றே தங்களுக்கு எழுதுவேன். தெரிவிக்காமல் இருந்து, காத்திருக்கும் இன்னொருவரின் இடத்தை வீணாக்க மாட்டேன். அப்படி ஒரு நிலை வந்தால், கட்டிய கட்டணத்தோடு இந்த இடத்தை அடுத்த கல்வியாண்டுக்கு மாற்ற முடியுமா என்பதையும் பதிலில் ஒரு வரி குறிப்பிட்டால் வீட்டில் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

லயத்தில் தொலைபேசி அலை சரியாகக் கிடைப்பதில்லை. காலை ஏழு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் கோயில் மேட்டுக்கு ஏறிப்போய் மின்னஞ்சல் பார்க்கிறேன். பகலில் ஏதும் அவசரமாகக் கேட்க வேண்டுமென்றால் மாமா கடைத் தொலைபேசிக்கு எடுக்கலாம். பத்து நிமிடத்தில் எனக்குச் சொல்லி அனுப்புவார்கள். எண் அதே தனித்தாளில் இருக்கிறது.

விசா விண்ணப்பப் பற்றுச்சீட்டு, ஜூலை 2 அன்று பத்திரங்களைப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரைச் சீட்டு, சத்தியக்கடதாசி, ஜூன் 4 என்று குறிக்கப்பட்ட பதிவுத் தபால் கவர், கட்டணம் கட்டிய வங்கிச் சீட்டு, தங்கள் அனுமதிக் கடிதம் ஆகியவற்றின் பிரதிகளை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு
தங்கள் உண்மையுள்ள
இராமையா சிவகாமி